50 வரி டேட்டா, 100 எடை: இரட்டை இறக்கத்தைக் கையால் கணக்கிட்டுப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

டிரெய்னிங் டேட்டாவை அப்படியே மனப்பாடம் செய்யும் மாடல் புதிய டேட்டாவில் தடுமாறும் என்றுதான் எல்லாரும் முதலில் படிக்கிறோம். மாடல் சிறியதாக இருந்தால் பிழை அதிகம், கொஞ்சம் பெரிதாக்கினால் பிழை குறையும், மேலும் பெரிதாக்கினால் இரைச்சலையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு பிழை மறுபடி ஏறும். புத்தகத்தில் இதை U வடிவக் கோடாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கோடு பொய்யில்லை, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது.

2016-ல் சியுவான் ஜாங்கும் உடன் ஆய்வாளர்களும் படங்களின் லேபிள்களைத் தாறுமாறாகக் கலைத்து நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுத்தார்கள். அர்த்தமே இல்லாத அந்த லேபிள்களையும் அது முழுமையாகப் பொருத்திக் காட்டியது. எதை வேண்டுமானாலும் மனப்பாடம் செய்யக்கூடிய அதே நெட்வொர்க், சரியான லேபிள்களைக் கொடுத்தபோது புதிய படங்களிலும் நன்றாக வேலை செய்தது. பழைய U கோட்டால் இதை விளக்க முடியவில்லை. 2019-ல் மிகைல் பெல்கின், டேனியல் ஹ்சு, சியுவான் மா, சௌமிக் மண்டல் ஆகியோர் கோட்டை வலப்பக்கம் நீட்டி வரைந்தார்கள். டிரெய்னிங் பிழை பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் டெஸ்ட் பிழை உச்சிக்குப் போகிறது, அதைத் தாண்டியதும் மறுபடி இறங்குகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் இரட்டை இறக்கம் எனலாம். ராபர்ட் டுயின் போன்ற சிலர் இந்த உச்சியை 2000-க்கு முன்பின்னாகவே கவனித்து எழுதியிருக்கிறார்கள், அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள நியூரல் நெட்வொர்க்கில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. சாதாரண லீனியர் ரிக்ரெஷனிலேயே இது முழுசாக நடக்கிறது. அங்கே ஒவ்வொரு எண்ணையும் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

## படி 1: ஒரே ஒரு வரி டேட்டா

நம்மிடம் ஒரே ஒரு டேட்டா வரி, ஒரே ஒரு ஃபீச்சர். உண்மையான எடை 1. வரியில் x = 0.1 என்று இருக்கிறது. சரியான விடை 0.1 ஆக இருந்திருக்க வேண்டும். ஆனால் அளவீட்டில் 0.3 இரைச்சல் சேர்ந்துவிட்டதால் y = 0.4 என்று பதிவாகியிருக்கிறது.

இதைத் துல்லியமாகப் பொருத்த ஒரே வழிதான்: எடை 0.4 ÷ 0.1 = 4. உண்மை 1, நமக்குக் கிடைத்தது 4. இரைச்சல் என்னவோ 0.3 தான், ஆனால் 0.1 என்ற குட்டி எண்ணால் வகுபட்டதால் 3 ஆக ஊதிவிட்டது. இந்த வகுத்தலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி உருவாவதன் காரணம் இதில்தான் இருக்கிறது.

இப்போது அதே வரியில் இன்னும் இரண்டு ஃபீச்சர்களைச் சேர்க்கிறோம். வரி (0.1, 1, −0.7) ஆகிறது, y அதே 0.4. எடைகள் மூன்று, நிபந்தனை ஒன்று, அதனால் துல்லியமாகப் பொருந்தும் விடைகள் எண்ணற்றவை. அவற்றில் எடைகளின் வர்க்கக் கூட்டல் மிகக் குறைவாக உள்ளதை எடுப்போம். அதற்கு வரியை y-ஆல் பெருக்கி, வரியின் வர்க்கக் கூட்டலால் வகுத்தால் போதும். வர்க்கக் கூட்டல் 0.01 + 1 + 0.49 = 1.5. எடைகள் சுமார் (0.027, 0.267, −0.187).

சரிபாருங்கள்: 0.1 × 0.027 + 1 × 0.267 + 0.7 × 0.187, கூட்டினால் 0.4. இரைச்சலோடு சேர்த்து முழுசாகப் பொருந்திவிட்டது. ஆனாலும் 4 என்ற பூதம் இல்லை, எல்லா எடைகளும் சிறியவை. இரைச்சல் எங்கும் போகவில்லை, மூன்று எடைகளில் பங்கு பிரிந்துவிட்டது. ஒரே ஃபீச்சர் இருந்தபோது வர்க்கக் கூட்டல் வெறும் 0.01, இப்போது 1.5 ஆல் வகுத்திருக்கிறோம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முதல் ஃபீச்சரின் உண்மையான எடை 1, நமக்குக் கிடைத்தது 0.027 தான். இரைச்சலைப் பங்கு போட்டதைப் போலவே உண்மையையும் பங்கு போட்டுவிட்டோம். இந்த லாபமும் நஷ்டமும்தான் கடைசிவரை ஒன்றோடொன்று மோதும்.

## படி 2: 50 வரிகளுக்கு விரிப்போம்

டேட்டா வரிகள் n = 50. மொத்த ஃபீச்சர்கள் 100, ஒவ்வொன்றும் ஒன்றையொன்று சாராத, சராசரி 0, வேரியன்ஸ் 1 உள்ள நார்மல் எண்கள். விடை இந்த 100 ஃபீச்சர்களையும் சார்ந்தது, ஆனால் சமமாக அல்ல. உண்மையான எடைகளின் வர்க்கக் கூட்டல் 1 என்று வைத்து, அதில் 0.4-ஐ முதல் 10 ஃபீச்சர்களுக்கும் மீதி 0.6-ஐ அடுத்த 90-க்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறோம். முதல் பத்துக்கு ஆளுக்கு 0.2, மற்றவற்றுக்குச் சுமார் 0.08. இரைச்சலின் வேரியன்ஸ் 0.1.

மாடலுக்கு முதல் p ஃபீச்சர்களை மட்டும் காட்டுவோம். p-ஐ ஏற்றிக்கொண்டே போவதுதான் மாடலைப் பெரிதாக்குவது. p 50-க்குக் கீழே இருந்தால் வழக்கமான லீஸ்ட் ஸ்கொயர்ஸ். மேலே போனால், படி 1-ல் செய்ததுபோல் துல்லியமாகப் பொருந்துபவற்றில் மிகச் சிறியது. `pinv` இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும்.

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
n, D, s2 = 50, 100, 0.1
b = np.r_[np.full(10, np.sqrt(0.4/10)),
          np.full(90, np.sqrt(0.6/90))]

def trial(p, lam=0.0):
    X = rng.standard_normal((n, D))
    y = X @ b + np.sqrt(s2) * rng.standard_normal(n)
    A = X[:, :p]
    if lam == 0:
        w = np.linalg.pinv(A) @ y
    else:
        w = np.linalg.solve(A.T @ A + lam*np.eye(p), A.T @ y)
    full = np.r_[w, np.zeros(D - p)]
    return np.sum((full - b)**2) + s2

for p in (5, 10, 30, 45, 48, 52, 60, 80, 100):
    print(p, np.mean([trial(p) for _ in range(500)]))
```

தனியாக டெஸ்ட் டேட்டா எதற்கும் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஃபீச்சர்கள் ஒன்றையொன்று சாராதவை என்பதால், எடைகளில் உள்ள பிழையின் வர்க்கக் கூட்டலோடு இரைச்சலைச் சேர்த்தாலே டெஸ்ட் பிழை கிடைத்துவிடும்.

## படி 3: கோட்டை எண்களாகப் பார்ப்போம்

இந்த அமைப்புக்குச் சராசரி டெஸ்ட் பிழையைத் துல்லியமாகச் சொல்லும் சூத்திரங்களே உண்டு. பெல்கின், ஹ்சு, ஜி சூ மூவரும் வருவித்தவை. `T` என்பது மாடலுக்குக் காட்டிய ஃபீச்சர்களின் பலம், அதாவது அவற்றின் உண்மையான எடைகளின் வர்க்கக் கூட்டல். `R` என்பது காட்டாமல் விட்டவற்றின் பலம்.

```
p <= 48:  (R + s2) * (n-1)/(n-p-1)
p >= 52:  T*(1 - n/p) + (R + s2) * (1 + n/(p-n-1))
```

காட்டாத ஃபீச்சர்கள் மாடலின் கண்ணுக்கு வெறும் இரைச்சல்தான், அதனால்தான் R-உம் s2-உம் சேர்ந்தே வருகின்றன. p = 10 எனில் R = 0.6, ஆக 0.7 × 49/39 = 0.88. p = 100 எனில் R = 0, T = 1, ஆக 0.5 + 0.1 × (1 + 50/49) = 0.70. மற்றவையும் இப்படியே:

| p | டெஸ்ட் பிழை |
|---|---|
| 0 | 1.10 |
| 5 | 1.00 |
| 10 | 0.88 |
| 30 | 1.46 |
| 45 | 5.72 |
| 48 | 21.9 |
| 52 | 21.4 |
| 60 | 2.53 |
| 80 | 0.96 |
| 100 | 0.70 |

10 வரை இறக்கம், அப்புறம் ஏற்றம், 50-ஐ ஒட்டி மலை, பிறகு மறுபடி இறக்கம். 52-லிருந்து எல்லா மாடல்களும் டிரெய்னிங் டேட்டாவை இம்மி பிசகாமல் பொருத்துகின்றன. ஆனாலும் 100 ஃபீச்சர் மாடல், U-வின் அடியில் இருந்த 10 ஃபீச்சர் மாடலைவிட நன்றாக வருகிறது.

மேலே உள்ள பைதான் கோடை ஓட்டினால் 48, 52 ஆகிய இரண்டு இடங்களிலும் உங்களுக்கு வேறு எண்கள் வரலாம். பதற வேண்டாம். ஆயிரத்தில் சில ஓட்டங்களில் பிழை பல நூறுக்குப் போய் சராசரியை இழுத்துவிடும். 49, 50, 51 ஆகிய மூன்றிலும் சராசரி முடிவிலிதான். அங்கே மீடியனைப் பார்ப்பதுதான் நிதானமான வழி.

## படி 4: எடைகளைத் திறந்து பாருங்கள்

பிழையை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. `trial`-க்குள்ளே `np.sum(w**2)`-ஐயும் அச்சிடுங்கள். சராசரியாக p = 10-ல் 0.58, p = 48-ல் 22, p = 100-ல் 0.60 வரும். உண்மையான எடைகளின் மொத்தமே 1 தான். நடுவில் உள்ள மாடல் அதை இருபது மடங்கு தாண்டி நிற்கிறது.

50 எடைகள், 50 நிபந்தனைகள் என்றால் விடை ஒன்றே ஒன்று. தேர்ந்தெடுக்க இடமே இல்லை. இந்த 50 வரிகளும் சேர்ந்து ஏதோ ஒரு திசையை மட்டும் சரியாகப் பார்த்திருக்காது. படி 1-ன் 0.1 போல ஒரு குட்டி எண் அந்தத் திசையில் உட்கார்ந்திருக்கும். இரைச்சலை அதால் வகுத்தே ஆக வேண்டும். துணி பத்தாமல் தைத்த சட்டையைப் போல, எல்லாத் தையலும் இழுத்துப் பிடித்து நிற்கும்.

100 ஃபீச்சர் இருக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் நீளம் கூடுகிறது, வரிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கின்றன, அந்தக் குட்டி எண்கள் மறைகின்றன. சூத்திரத்தில் `p-n-1` கீழே நின்று செய்வது இந்த வேலையைத்தான். கூடவே R-உம் குறைகிறது: முன்பு இரைச்சலாகத் தெரிந்த 90 ஃபீச்சர்கள் இப்போது தகவலாகிவிட்டன. இந்த இரண்டும் லாபம். நஷ்டம் `T*(1 - n/p)`, அதாவது உண்மை எடை சுருங்குவது. p = 100-ல் மொத்தப் பிழை 0.70 என்றால் அதில் 0.5 இந்தச் சுருக்கத்தால் வந்தது, பொருத்திக்கொண்ட இரைச்சலால் வந்தது 0.1-ஐ ஒட்டியதுதான். மீதி 0.1 யாராலும் நீக்க முடியாத இரைச்சல். இந்தப் பிரிவினைதான் எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த இடம். மனப்பாடம் செய்ததன் தண்டனை இவ்வளவு சிறியது என்பது எண்ணாகவே தெரிந்துவிடுகிறது.

## படி 5: சிறிய விடையைத் தேர்ந்தெடுப்பது யார்?

நாம் `pinv` போட்டதால் சிறிய விடை கிடைத்தது. உண்மையில் மாடல்களைக் கிரேடியன்ட் டிசென்ட்டால் அல்லவா பயிற்றுவிக்கிறோம்? லீனியர் மாடலில், எடைகளைப் பூஜ்யத்தில் தொடங்கினால், கிரேடியன்ட் டிசென்ட்டும் அதே விடைக்குத்தான் போய்ச் சேரும். ஒவ்வொரு அப்டேட்டும் டிரெய்னிங் வரிகளை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்டியதுதான். அதனால் எந்த வரியும் தொடாத திசையில் எடை கடைசிவரை நகரவே நகராது. துல்லியமாகப் பொருந்தும் விடைகளில், வரிகளால் மட்டுமே ஆன விடைதான் மிகச் சிறியது.

தொடக்கத்தைப் பூஜ்யத்துக்குப் பதில் பெரிய ரேண்டம் எண்களாக வைத்துப் பாருங்கள். வரிகள் தொடாத 50 திசைகளில் அந்த எண்கள் அப்படியே தங்கிவிடும். டிரெய்னிங் பிழை பூஜ்யம்தான், டெஸ்ட் பிழையோ மோசம். ஆகவே பெரிய மாடல் என்பதால் மட்டும் இரண்டாவது இறக்கம் வராது. பொருந்தும் எண்ணற்ற விடைகளில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் சேர்ந்தால்தான் வரும்.

## படி 6: டேட்டாவைக் கூட்டினால் மோசமாகுமா?

ஆகும். p = 100-ல் நிறுத்திவிட்டு n-ஐ ஏற்றுங்கள். 50 வரிகளில் பிழை 0.70, 70-ல் 0.64. 90-க்கு வந்தால் 1.20, 98-ல் 9.9. அப்புறம் 110-ல் 1.21, 200-ல் 0.20. 70 வரிகளோடு நன்றாக ஓடிய மாடலுக்கு இன்னும் 28 வரிகளை அள்ளிக்கொடுத்தால் அது நிலைகுலைகிறது. டேட்டா கெட்டுப்போகவில்லை. உச்சி என்பது p-க்கும் n-க்கும் இடையே உள்ள உறவு, n நகர்ந்தால் உச்சியும் கூடவே நகரும். புது டேட்டா சேர்த்ததும் முடிவு மோசமானால் டேட்டாவைச் சந்தேகிக்கும் முன் இதையும் பார்க்க வேண்டும்.

## படி 7: ரிட்ஜ் போட்டால் மலை கரையும்

எடைகள் பெருப்பதற்கு நேரடியாகவே அபராதம் போட்டால் என்ன ஆகும்? அதுதான் ரிட்ஜ், `lam` அந்த அபராதத்தின் அளவு. கோடில் `trial(50, lam=32)`-ஐ முன்புபோல் 500 முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். முடிவிலியாக இருந்த சராசரி சுமார் 0.8-க்கு வந்து நிற்கும். `trial(100, lam=10)`-ஐயும் அப்படியே ஓட்டினால் 0.70 சுமார் 0.67 ஆகும், அவ்வளவுதான். உச்சியில் ரிட்ஜ் உயிர்காக்கிறது, 100-ல் அதற்குப் பெரிய வேலை இல்லை, ஏனென்றால் மிகச் சிறிய விடையைத் தேர்ந்தெடுத்ததே ஒரு கட்டுப்பாடாக ஏற்கனவே வேலை செய்துவிட்டது.

இதே அமைப்பில் ஒவ்வொரு p-க்கும் தகுந்த lam-ஐத் தேர்ந்தெடுத்தால் மலை முழுசாகக் கரைந்துவிடும். அதனால் நடைமுறையில் பலர் இந்த மலையைப் பார்த்ததே இல்லை. அவர்கள் பயன்படுத்தும், எடைகளைச் சுருக்கும் வெயிட் டிகே, பயிற்சியை முன்பே நிறுத்தும் எர்லி ஸ்டாப்பிங் போன்றவை அதை மூடி வைத்திருக்கும்.

## சிறிய மாடலே ஜெயிக்கும் இடம்

ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: பலம் முழுவதையும் முதல் 10 ஃபீச்சர்களிலேயே வையுங்கள், மற்ற 90-க்கும் பூஜ்யம். p = 10-ல் பிழை 0.1 × 49/39 = 0.13. p = 100-ல் அதே பழைய 0.70. மலை இருக்கிறது, அதற்கப்பால் இறக்கமும் இருக்கிறது, ஆனால் அந்த இறக்கம் முதல் பள்ளத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. ரிட்ஜ் சேர்த்தாலும் காப்பாற்ற முடியாது.

ஆகவே தகவல் பல பலவீனமான ஃபீச்சர்களில் சிதறிக் கிடந்து, எவை முக்கியம் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாதபோதுதான் பெரிய மாடலுக்கு லாபம். படங்களும் மொழியும் அப்படிப்பட்டவை. நன்கு தெரிந்த பத்துக் காரணிகள் உள்ள ஒரு சோதனைக்கூட அளவீடு அப்படியல்ல.

## நியூரல் நெட்வொர்க்கில் தேடும்போது

2019 டிசம்பரில் ப்ரீத்தம் நக்கிரன் குழு இதை ஆழமான நெட்வொர்க்குகளில் காட்டியது. ரெஸ்நெட்-18-ன் நான்கு கட்டங்களின் அகலத்தை k, 2k, 4k, 8k என்று வைத்து, k-ஐ 1-லிருந்து வழக்கமான 64 வரை ஏற்றினார்கள். சிஃபார்-10 படங்களில் 15 சதவீத லேபிள்களை வேண்டுமென்றே தவறாக மாற்றியபோது மலை தெளிவாகத் தெரிந்தது. லேபிள்கள் சுத்தமாக இருந்தால் மலை பல நேரம் வெறும் மேடாகத் தட்டையாகிவிடும். உச்சியின் உயரத்தை இரைச்சல்தான் தீர்மானிக்கிறது என்பதைச் சூத்திரத்தின் `R + s2` ஏற்கனவே சொல்லிவிட்டது. நீண்ட பயிற்சியின் நடுவிலும் இதே ஏற்ற இறக்கத்தை அவர்கள் பார்த்தார்கள்: சில எபாக்குகளுக்கு டெஸ்ட் பிழை ஏறி, பிறகு இறங்கியது.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால், டேட்டா அளவை மாற்றாமல் அகலத்தை மட்டும் ஏற்றுங்கள். எர்லி ஸ்டாப்பிங்கையும் வெயிட் டிகேயையும் நிறுத்துங்கள். 10 முதல் 20 சதவீத லேபிள்களைக் கலையுங்கள். ஒவ்வொரு அகலத்துக்கும் டிரெய்னிங் பிழையையும் பக்கத்திலேயே வரையுங்கள், அது பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் டெஸ்ட் பிழையின் உச்சி நிற்க வேண்டும். வேறு இடத்தில் நின்றால் நீங்கள் பார்ப்பது இரட்டை இறக்கம் இல்லை, லேர்னிங் ரேட் போன்ற வேறு ஏதோ கோளாறு. குறைந்தது ஐந்து சீடுகளில் ஓட்டுங்கள்.

உச்சியைத் தேடும் இடமும் முக்கியம். பெல்கின் குழு கையெழுத்து இலக்கங்களில் 10,000 படங்களை எடுத்து ரேண்டம் ஃபூரியர் ஃபீச்சர்களோடு ஓட்டியபோது உச்சி 10,000 ஃபீச்சர்களில் நின்றது. பத்து வகைகள் கொண்ட சாதாரண நெட்வொர்க்கிலோ எல்லா எடைகளையும் எண்ணினால் n-ஐப் பத்தால் பெருக்கிய இடத்துக்கு அருகில் வரும். ஆழமான நெட்வொர்க்கில் எடைகளின் எண்ணிக்கையை வைத்து இடத்தைக் கணிப்பது சரிவராது, டிரெய்னிங் பிழையைத்தான் நம்ப வேண்டும். அங்கே கிரேடியன்ட் டிசென்ட் தேர்ந்தெடுக்கும் விடையும் வெறும் வர்க்கக் கூட்டலில் சிறியது என்று சொல்லிவிட முடியாது. நம் லீனியர் கணக்கு மலை எங்கே, ஏன் வருகிறது என்பதை நன்றாகக் காட்டுகிறது, நெட்வொர்க்கின் முழுக் கதையையும் அது சொல்லாது.

## கோடில் வழுக்கும் இடங்கள்

p 50-ஐத் தாண்டிய பிறகு `np.linalg.solve(A.T @ A, A.T @ y)` என்று எழுதினால் விடை தப்பாகும். அந்த மேட்ரிக்ஸுக்கு இன்வர்ஸ் கிடையாது. ஆனால் ரவுண்டிங் பிழையால் எரர் எதுவும் வராமலேயே குப்பை எண்கள் வந்து விழக்கூடும். `pinv` கொடுத்த எடைகளின் வர்க்கக் கூட்டலோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். `np.linalg.lstsq`-ஐத் தைரியமாகப் பயன்படுத்தலாம், அதுவும் சிறிய விடையையே தரும்.

சைகிட்-லேர்னின் `Ridge` உச்சியைக் காட்டவில்லை என்றால் அதன் `alpha` சொல்லாமலேயே 1.0 ஆக இருப்பதுதான் காரணம். `LinearRegression` பயன்படுத்தினால் உச்சி தெரியும், ஆனால் 50-ல் இல்லாமல் 49-ல் நிற்கும். இன்டர்செப்டுக்காக அது டேட்டாவிலிருந்து சராசரியைக் கழிக்கிறது, அதில் ஒரு வரிக்குரிய தகவல் செலவாகிவிடுகிறது. `fit_intercept=False` போட்டால் உச்சி 50-க்குத் திரும்பும்.